கேஷ் மீண்டும் எழுந்த பிறகும் தரவுத்தளம் ஏன் மீளவில்லை?

ஏழாம்தளம் — 3 ஜூன் 2024, காலை 9:40

ஒரு பாதுகாப்புத் திருத்தத்திற்காக நேற்று எங்கள் ரெடிஸ் கேஷை ரீஸ்டார்ட் செய்தோம். அது நின்றிருந்தது ஒன்பது வினாடிகள் மட்டுமே. ஆனால் தரவுத்தளம் ஐம்பது நிமிடங்கள் மூச்சுத் திணறியது. கேஷ் இல்லாத ஒன்பது வினாடிகளில் நெரிசல் ஏற்பட்டதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. கேஷ் திரும்ப வந்த பிறகும் நெரிசல் ஏன் தானாக வடியவில்லை என்பதே என் கேள்வி.

நிலவரம் இது: கேஷிடம் வினாடிக்கு ஏறத்தாழ 6,000 வாசிப்புகள் வருகின்றன. ஹிட் விகிதம் 97 விழுக்காடு. ஆகவே வழக்கமாகத் தரவுத்தளத்திற்குப் போவது வினாடிக்கு 180. தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ், 16 கோர்கள், ஒரு வினவலுக்குச் சராசரியாக 20 மில்லிவினாடி. செயலி சர்வர்கள் 12. ஒவ்வொன்றின் பூலிலும் 25 இணைப்புகள். கோரிக்கையின் டைம்அவுட் 3 வினாடி.

என்னை உறுத்துவது ஒரே ஒரு விவரம். கேஷ் எழுந்து பத்து நிமிடம் ஆனபின் `DBSIZE` போட்டுப் பார்த்தேன். 3,100 கீகள் என்று வந்தது. வழக்கமாக அது ஐந்து இலட்சத்தைத் தாண்டி இருக்கும். தரவுத்தளமோ அந்தப் பத்து நிமிடமும் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அத்தனை வினவல்களின் விடைகள் எங்கே போயின? பெரிய தரவுத்தளம் வாங்க வேண்டும் என்று உடன் பணிபுரிபவர் சொல்கிறார்.

மணற்கடிகாரம் — 3 ஜூன் 2024, காலை 10:15

பெரிய தரவுத்தளம் தேவையில்லை, லாக் போதும். கீ கேஷில் இல்லையென்றால் முதலில் வருபவர் லாக் எடுத்துக்கொண்டு தரவுத்தளத்திற்குப் போக வேண்டும். மற்றவர்கள் சற்றுக் காத்திருந்து கேஷிலேயே மீண்டும் பார்க்க வேண்டும்.

```
SET lock:item:8812 a91f NX PX 5000
```

ஆயிரம் பேர் ஒரே கீயைக் கேட்டாலும் தரவுத்தளத்திற்கு ஒரு வினவல்தான் போகும். நாங்கள் இதைப் போட்ட பிறகு இந்தச் சிக்கலே வந்ததில்லை.

வேர்க்கால் — 3 ஜூன் 2024, காலை 11:02

இது கெர்னல் மட்டத்தில் தீர்க்கப்பட்ட பிரச்சினை என்று நினைக்கிறேன். ஒரே சாக்கெட்டில் காத்திருக்கும் எல்லாச் செயல்முறைகளும் ஒரு இணைப்பு வந்தவுடன் ஒன்றாக விழித்துக்கொண்டு மோதுவதைத்தான் மந்தைப் பாய்ச்சல் என்பார்கள். லினக்ஸ் 4.5 முதல் `EPOLLEXCLUSIVE` இருக்கிறது. உங்கள் சர்வர்களில் அதை இயக்கியிருக்கிறீர்களா?

நெய்தல் — 3 ஜூன் 2024, பிற்பகல் 2:30

வேர்க்கால், பெயர் ஒன்றுதான், ஆனால் இங்கே நடந்தது வேறு. சாக்கெட்டில் மோதும் செயல்முறைகளுக்குச் செய்ய வேண்டிய வேலை ஒன்றே. ஒருவர் எடுத்துக்கொண்டால் மற்றவர்கள் வீணாக விழித்தார்கள் என்பதோடு அது முடிந்துவிடும். இங்கே ஒவ்வொரு கோரிக்கைக்கும் உண்மையிலேயே விடை தேவைப்படுகிறது.

ஏழாம்தளம், நீங்கள் கேட்டதுதான் சரியான கேள்வி. 16 கோர்களில் 20 மில்லிவினாடி வினவல்கள் என்றால், தரவுத்தளத்தால் வினாடிக்கு அதிகபட்சம் 800 முடிக்க முடியும். கேஷ் வெறுமையாக எழுந்ததும் 6,000 வருகின்றன. வினாடிக்கு 5,200 கோரிக்கைகள் வரிசையில் சேர்கின்றன. மூன்று வினாடி வேலை என்பது 2,400 வினவல்கள். அந்த நீளத்தை வரிசை அரை வினாடிக்குள் எட்டிவிடும். அதற்குப் பிறகு வரும் எந்தக் கோரிக்கைக்கும் நேரத்தில் விடை கிடைக்காது.

இனி உங்கள் 3,100 கீகளுக்கு வருவோம். பூலில் இடம் கேட்டுக் காத்திருக்கும் கோரிக்கை 2.8 வினாடியில் இணைப்பைப் பெறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 300 இணைப்புகளும் ஒரே நேரத்தில் இயங்குவதால் 20 மில்லிவினாடி வினவலுக்கு இப்போது ஏறத்தாழ 0.4 வினாடி ஆகிறது. மொத்தம் 3.2 வினாடி. மூன்றாவது வினாடியிலேயே செயலி அந்தக் கோரிக்கையைக் கைவிட்டுவிட்டது. விடையைக் கேஷில் எழுதும் வரி அதே கோரிக்கைக்குள் இருப்பதால் அந்த வரி ஓடவே இல்லை. பத்து நிமிடத்தில் தரவுத்தளம் நான்கு இலட்சத்து எண்பதாயிரம் வினவல்கள் வரை முடித்திருக்கலாம். அவற்றில் பெரும்பாலானவை யாரும் வாங்கிக்கொள்ளாத விடைகள். கேஷ் நிரம்பாததால் மிஸ் குறையவில்லை. மிஸ் குறையாததால் வரிசை குறையவில்லை. தொடக்கக் காரணம் ஒன்பதாவது வினாடியிலேயே நீங்கிவிட்டாலும் இந்தச் சுழற்சி தன்னைத் தானே தாங்கிக்கொள்ளும்.

இதிலிருந்து வெளியே எப்படி வந்தீர்கள்?

ஏழாம்தளம் — 3 ஜூன் 2024, மாலை 4:05

முதலில் தரவுத்தளத்தை ரீஸ்டார்ட் செய்தோம். நிலைமை இன்னும் மோசமானது. கடைசியில் லோட் பேலன்சரில் வரும் போக்குவரத்தை முழுவதுமாக நிறுத்திவிட்டு, கையால் சிறிது சிறிதாகத் திறந்தோம். மூன்று வினாடியைக் கடந்ததும் செயலி கைவிடும் என்று நீங்கள் சொன்னதை நிரலில் பார்த்துவிட்டேன். அப்படியேதான் இருக்கிறது. கேஷில் எழுதும் வரி, ரத்து செய்யப்படும் அதே சூழலுக்குள் இருக்கிறது.

பட்டறை — 3 ஜூன் 2024, இரவு 8:50

தரவுத்தளத்தின் பக்கமிருந்து இரண்டு செய்திகள். நான் பல ஆண்டுகளாகப் போஸ்ட்கிரெஸ் பராமரிப்பவன்.

செயலி கைவிட்டுவிட்டது என்பதற்காகத் தரவுத்தளம் வேலையை நிறுத்துவதில்லை. செயலி இணைப்பைத் துண்டித்தாலும், வினவலின் விடையை அனுப்ப முயலும்போதுதான் போஸ்ட்கிரெஸ் பொதுவாக அதை அறிந்துகொள்ளும். பதிப்பு 14 முதல் `client_connection_check_interval` இருக்கிறது, ஆனால் அது இயல்பாக அணைந்தே இருக்கும். ஆகவே `statement_timeout` என்பதைச் செயலியின் டைம்அவுட்டைவிடக் குறைவாக வையுங்கள். கேட்பவர் போன பிறகு உழைப்பது இயந்திரத்திற்கும் நட்டம்.

நெரிசலின் நடுவே தரவுத்தளத்தை ரீஸ்டார்ட் செய்வது கூடாது. அதன் நினைவகத்தில் இருந்த பக்கங்களும் வெறுமையாகிவிடும். அதன் பின் 20 மில்லிவினாடி வினவல் வட்டைத் தொட்டு வர வேண்டியிருக்கலாம். ஒரு வெறுமையோடு இன்னொரு வெறுமையையும் சேர்த்துக்கொண்டீர்கள்.

மணற்கடிகாரம் — 4 ஜூன் 2024, காலை 9:20

வினாடிக்கு 6,000 என்பதில் பல, ஒரே கீகளைத்தானே கேட்டிருக்கும்? லாக் இருந்திருந்தால் வரிசை இந்த அளவுக்கு வளர்ந்திருக்காது. 2013-இல் ஃபேஸ்புக் தனது மெம்கேஷ் அமைப்பைப் பற்றி வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில் இதே உத்தி லீஸ் என்ற பெயரில் வருகிறது. ஒரு கீக்குப் பத்து வினாடிக்கு ஒருமுறை மட்டுமே உரிமச்சீட்டு தருவார்கள். நெரிசலுக்கு எளிதில் ஆளாகும் கீகளின் தொகுப்பு ஒன்றில், தரவுத்தளத்தின் உச்ச வினவல் வேகம் வினாடிக்கு 17,000-இலிருந்து 1,300 ஆகக் குறைந்தது என்று அதில் எழுதியிருக்கிறார்கள்.

நெய்தல் — 4 ஜூன் 2024, காலை 11:45

லாக் தேவை என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. அது போதும் என்பதில்தான் இருக்கிறது. இரண்டு வகைக் கூட்டங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பலர் ஒரே கீயைக் கேட்பது ஒரு வகை. அதற்கு லாக் முழுமையான மருந்து. ஒவ்வொருவரும் தத்தமக்கான வேறு வேறு கீயைக் கேட்பது இன்னொரு வகை. அங்கே ஒவ்வொரு லாக்கையும் முதலில் வருபவரே எடுத்துக்கொள்வார், யாரும் யாருக்காகவும் காத்திருக்க மாட்டார்கள். ஒரு கீ காலாவதியாகும்போது வருவது முதல் வகை. கேஷ் முழுவதும் வெறுமையாக எழும்போது இரண்டும் சேர்ந்தே வரும்.

ஏழாம்தளத்தின் எண்களில் இதைப் பார்க்கலாம். அதிகம் கேட்கப்படும் 2,000 கீகள் போக்குவரத்தில் 60 விழுக்காடு என்று கொள்வோம். லாக் இருந்தால் அவை 2,000 வினவல்களோடு, சில வினாடிகளில் தீர்ந்துவிடும். மீதமுள்ள 40 விழுக்காடு, அதாவது வினாடிக்கு 2,400 வாசிப்புகள், இலட்சக்கணக்கான கீகளில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றுள் திரும்ப வருபவை குறைவு என்பதால் லாக் அவற்றைத் தடுக்காது. 800 தாங்கும் தரவுத்தளத்திற்கு 2,400 என்பது மும்மடங்கு. மந்தையின் தலையை லாக் அடக்கும். வால் அப்படியே பாயும்.

நெய்தல் — 4 ஜூன் 2024, பகல் 12:20

முந்தைய குறிப்பில் விட்டுப்போனது. தரவுத்தளத்திற்குள் எத்தனை பேர் ஒரே நேரத்தில் நுழையலாம் என்பதற்கு ஒரு கடுமையான மேல்வரம்பு வேண்டும். கேஷ் மிஸ்ஸிலிருந்து வரும் வினவல்களுக்குச் சர்வருக்கு இரண்டு இடங்கள், பன்னிரண்டு சர்வருக்கு 24 என்று வையுங்கள். 300 எதற்கு? வினாடிக்கு 500 வினவல்கள், ஒவ்வொன்றும் 20 மில்லிவினாடி என்றால், எந்தக் கணத்திலும் இயங்கிக்கொண்டிருப்பவை பத்து மட்டுமே. இடம் இல்லாதவரை வரிசையில் நிறுத்தாமல் உடனே திருப்பி அனுப்ப வேண்டும். உள்ளே நுழைந்தவரின் விடையோ, கேட்டவர் போய்விட்டாலும் கேஷில் எழுதப்பட்டாக வேண்டும். அந்த வரியைக் கோரிக்கையின் ரத்துச் சூழலிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். இந்த இரண்டும் இருந்திருந்தால், பெரும்பாலானோர் பிழைப் பக்கம் பார்த்திருந்தாலும், உங்கள் கேஷ் ஒவ்வொரு வினாடியும் நிரம்பிக்கொண்டே இருந்திருக்கும்.

கிளைப்பாதை — 4 ஜூன் 2024, மாலை 6:10

ரெடிஸை வட்டில் சேமிக்கச் சொன்னால் கேஷ் வெறுமையாகவே எழாதே? நாங்கள் அப்படித்தான் வைத்திருக்கிறோம். இந்த இழையில் யாரும் அதைக் குறிப்பிடாதது வியப்பாக இருக்கிறது.

நெய்தல் — 4 ஜூன் 2024, இரவு 9:35

கிளைப்பாதை, அதையும் செய்திருக்கிறேன், அதிலும் அடிபட்டிருக்கிறேன். பெரிய கோப்பை ஏற்றி முடிக்கும்வரை ரெடிஸ் இந்தப் பிழையைத் திருப்பும்:

```
LOADING Redis is loading the dataset in memory
```

எங்கள் செயலி கேஷிலிருந்து எந்தப் பிழை வந்தாலும் அதை மிஸ் என்று எடுத்துக்கொண்டு தரவுத்தளத்திற்குப் போனது. கேஷ் கண்விழித்துக்கொண்டிருந்த அந்த இரண்டு நிமிடமே மந்தை பாய்வதற்குப் போதுமாக இருந்தது. கீ இல்லை என்பதும் கேஷ் பதில் சொல்லவில்லை என்பதும் வேறு வேறு செய்திகள். முதலாவதற்கு மட்டுமே தரவுத்தளத்தைத் தட்ட வேண்டும்.

இன்னொன்று, கேஷ் நின்றிருந்த நேரத்தில் தரவுத்தளத்தில் மாறிய பதிவுகளின் நீக்கக் கட்டளைகள் கேஷைச் சென்றடைவதில்லை. வட்டிலிருந்து எழும் பழைய மதிப்பு, அதன் ஆயுள் முடியும்வரை உண்மைபோல் பேசும். பட்டியல் பக்கத்திற்கு இதைப் பொறுத்துக்கொள்ளலாம். கணக்கின் இருப்புத்தொகைக்குப் பொறுத்துக்கொள்ள முடியாது.

ஏழாம்தளம் — 5 ஜூன் 2024, காலை 10:00

மேல்வரம்பையும் லாக்கையும் சேர்க்கிறோம். அடுத்த ரீஸ்டார்ட்டை இம்மாதம் 15-ஆம் தேதி அதிகாலையில், திட்டமிட்டே செய்யப் போகிறோம். கையால் திறந்தபோது எவ்வளவு திறப்பது என்பதை உள்ளுணர்வால்தான் தீர்மானித்தோம். அதற்குக் கணக்கு ஏதும் உண்டா?

நெய்தல் — 5 ஜூன் 2024, பிற்பகல் 1:15

உண்டு, ஒரே வரி.

```
allowed_rps = budget / miss_ratio
```

தரவுத்தளம் 800 தாங்கும் என்றால், எழுதும் வேலைகளுக்கும் எதிர்பாராதவற்றுக்கும் இடம் விட்டு 500-ஐ வரம்பாக வையுங்கள். முற்றிலும் வெறுமையான கேஷில் மிஸ் விகிதம் 1. ஆகவே வினாடிக்கு 500 வாசிப்புகள், அதாவது போக்குவரத்தில் எட்டு விழுக்காடு மட்டுமே திறக்கலாம். இது மிகவும் குறைவு என்பதால்தான் திறப்பதற்கு முன்பே சூடேற்றுகிறோம். முந்தைய நாட்களின் பதிவுகளிலிருந்து அதிகம் கேட்கப்பட்ட 40,000 கீகளை எடுத்து, போக்குவரத்து எதுவும் வராதபோது வினாடிக்கு 200 என்ற வேகத்தில் ஏற்றினால் 200 வினாடியில் முடிந்துவிடும். அவை வாசிப்புகளில் 85 விழுக்காட்டைத் தாங்கும் என்றால் மிஸ் விகிதம் 0.15 ஆகிறது, 500-ஐ 0.15-ஆல் வகுத்தால் 3,333. பாதிக்கும் மேற்பட்ட போக்குவரத்தை அப்போதே திறக்கலாம். ஹிட் 92 விழுக்காட்டை எட்டும்போது கணக்கு 6,250 என்று வரும், முழுவதும் திறந்துவிடலாம்.

ஐந்து நிமிடத்துக்கு ஒரு படி என்று கடிகாரத்தை வைத்து ஏறாதீர்கள். ஹிட் விகிதம் உயர்ந்திருந்தால் மட்டும் அடுத்த படிக்குப் போங்கள். வினவல் நேரம் வழக்கமான 20 மில்லிவினாடியிலிருந்து இருமடங்கானால் ஒரு படி இறங்குங்கள்.

மணற்கடிகாரம் — 5 ஜூன் 2024, மாலை 5:30

லாக் போதும் என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். எங்கள் அமைப்பில் மொத்தமே ஆறாயிரம் கீகள்தான். வால் என்று எதுவும் இல்லாததால்தான் எங்களுக்குச் சிக்கல் வரவில்லை என்பது இப்போது தெரிகிறது.

ஒரு கேள்வி: எட்டு விழுக்காட்டைத் திறப்பது என்றால் எந்த எட்டு? கீயின் ஹேஷை வைத்துப் பிரித்தால், திறந்த பகுதி முழுமையாக நிரம்பிய பின் அடுத்த பகுதிக்குப் போகலாமே.

பட்டறை — 5 ஜூன் 2024, இரவு 7:45

ஒரு பக்கத்திற்கு இருபது கீகள் தேவைப்பட்டால் அது சரிப்படாது. பாதிக் கீகள் திறந்திருந்தாலும் ஏறத்தாழ எந்தப் பக்கமும் முழுமையாக வராது. பயனரின் ஹேஷை வைத்துப் பிரியுங்கள். உள்ளே வந்தவருக்கு எல்லாமே வேலை செய்யும். வெளியே இருப்பவருக்குச் சற்று நேரம் கழித்து வரச் சொல்லும் பக்கத்தைக் காட்டலாம்.

மணற்கடிகாரம் — 5 ஜூன் 2024, இரவு 8:10

பயனர்வழி பிரித்தால் வால் பகுதி மிக மெதுவாகத்தான் நிரம்பும். ஒவ்வொரு புதிய குழுவும் தனக்கே உரிய கீகளோடு வரும். ஒவ்வொரு படியிலும் மிஸ் விகிதம் மீண்டும் மேலேறும். ஒரு கோரிக்கைக்கு ஒரு கீ என்ற அமைப்பில் கீவழிப் பிரிப்பே மேல் என்று இன்னும் நினைக்கிறேன்.

நெய்தல் — 6 ஜூன் 2024, காலை 8:25

இருவர் சொல்வதும் அவரவர் அமைப்பிற்குச் சரி. பக்கங்கள் பல கீகளால் ஆனவை என்பதால் ஏழாம்தளத்திற்குப் பயனர்வழியைத் தேர்ந்தெடுப்பேன். மிஸ் விகிதம் ஒவ்வொரு படியிலும் மேலேறும் என்ற எச்சரிக்கை உண்மை. அதனால் அடுத்த படிக்கு 500 முழுவதையும் செலவிடாமல் 350 போல் கணக்கிட்டுத் திறப்பது நல்லது.

சூடேற்றுவதில் நான் செய்த ஒரு தவறையும் எழுதிவிடுகிறேன். எங்கள் முதல் சூடேற்றும் நிரல் ஒரு ரெப்ளிக்காவிலிருந்து 40 வினாடியில் எல்லாக் கீகளையும் ஏற்றியது. எல்லாவற்றுக்கும் ஆயுள் 3,600 வினாடி. வேலை நன்றாக முடிந்தது என்று கலைந்தோம். சரியாக ஒரு மணி நேரம் கழித்து, அதே 40 வினாடி இடைவெளியில் அத்தனை கீகளும் ஒன்றாகக் காலாவதியாயின. இம்முறை அடி வாங்கியது முதன்மைத் தரவுத்தளம். அப்போது எங்களிடம் லாக்கும் இல்லை. வரைபடத்தில் முதல் முகட்டைப் போலவே இரண்டாவது முகடு நின்றது இன்றும் கண்ணில் இருக்கிறது. அதன் பிறகு ஏற்றும்போதே ஆயுளைச் சிதறவிடுகிறோம்.

```
ttl = 3600 + random(-900, 900)
```

ஏழாம்தளம் — 15 ஜூன் 2024, காலை 7:50

இன்று அதிகாலை 4:30-க்கு ரீஸ்டார்ட் செய்தோம். தரவுத்தளத்தின் வினவல் நேரம் எந்தக் கணத்திலும் 45 மில்லிவினாடியைத் தாண்டவில்லை. தொடங்கியதிலிருந்து முழுவதும் திறக்க 31 நிமிடங்கள் ஆயின.

கணக்கு இரண்டு இடங்களில் பிசகியது. 40,000 கீகளில் 1,200 பட்டியல் பக்கங்களுக்கானவை. அவை ஒவ்வொன்றையும் உருவாக்க 14 வினவல்கள் ஆகின்றன. ஆகவே சூடேற்றத்திற்குத் தேவைப்பட்டவை 40,000 அல்ல, 55,600 வினவல்கள். வினாடிக்கு 200 வினவல்கள் என்றே வேகத்தைக் கட்டியிருந்ததால் தரவுத்தளத்திற்கு ஒன்றும் ஆகவில்லை. 200 வினாடி 278 வினாடியானது, அவ்வளவே. வழக்கமான நாட்களில் இது எங்களுக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம், பட்டியல் கீகள் எப்போதும் கேஷில் இருப்பதால் அவை மிஸ் ஆவதே அரிது. அன்றாடம் மிஸ் ஆவன எல்லாம் ஒற்றை வினவலில் முடியும் உருப்படிகள்.

இரண்டாவது, போக்குவரத்தைத் திறந்தபோது ஹிட் 85-க்குப் பதிலாக 81 தான் இருந்தது. கீப் பட்டியலை வேலைநாளின் பிற்பகல் பதிவுகளிலிருந்து எடுத்திருந்தோம். அதிகாலையில் வருபவர்கள் கேட்பவை வேறு. மிஸ் 0.19 என்றால் 500-க்கு 2,630 தான் வருகிறது. அதனால் 40 விழுக்காட்டில் ஆறு நிமிடம் நின்றுவிட்டு, ஹிட் 88 ஆனதும் மேலே ஏறினோம்.

நெய்தல் — 15 ஜூன் 2024, காலை 9:30

முதல் பிசகு என் பிழை. ஒரு மிஸ் என்றால் ஒரு வினவல் என்று நான்தான் கணக்கிட்டேன். முந்தைய குறிப்பில் வரம்பு என்று வருமிடமெல்லாம் வினவல்களின் எண்ணிக்கை என்று படியுங்கள். அதே போல, ஏற்றும் வரிசையை எத்தனை முறை கேட்கப்பட்டது என்பதோடு உருவாக்க எத்தனை வினவல் ஆகும் என்பதையும் பெருக்கி அமையுங்கள். 14 வினவல் பட்டியல்கள் முதலில் உள்ளே போய்விட்டால், போக்குவரத்து வழியாக மிஸ் ஆவது மலிவானவையாக இருக்கும்.

கீப் பட்டியலைப் பற்றி: கடைசி ஒரு மணி நேரப் பதிவிலிருந்து எடுப்பதா, முந்தைய வாரம் இதே நாளின் இதே நேரத்திலிருந்து எடுப்பதா? நான் முன்னதைத்தான் செய்துவருகிறேன், ஆனால் காலையில் போக்குவரத்து மாறும் நேரத்தில் அது உதவவில்லை.

பட்டறை — 15 ஜூன் 2024, காலை 11:05

திட்டமிட்ட ரீஸ்டார்ட்டுக்கு மட்டும் இந்தக் கேள்விக்கே இடமில்லாமல் செய்யலாம். புதிய கேஷைப் பழையதன் பக்கத்திலேயே எழுப்பி, புதியதில் மிஸ் ஆனால் பழையதைக் கேட்டு எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், தரவுத்தளம் கடைசி. மணற்கடிகாரம் குறிப்பிட்ட அதே 2013 கட்டுரையில் இதுவும் இருக்கிறது. இடையில் ஒரு பதிவு மாறினால் பழையதிலிருந்து தவறான மதிப்பு வந்துவிடக்கூடும் என்பதால், நீக்கக் கட்டளை வந்த கீயை இரண்டு வினாடிக்குப் புதிய கேஷில் எழுதவிடாமல் தடுக்கிறார்கள். நினைவகம் இருமடங்கு வேண்டும், சில மணி நேரத்துக்கு மட்டும்.

ஏழாம்தளம் — 15 ஜூன் 2024, பகல் 12:40

அடுத்த முறை அப்படிச் செய்ய இடம் இருக்கிறது. திட்டமிடாமல் விழும் கேஷுக்கு மட்டும் கீப் பட்டியல் வேண்டும். இன்றிலிருந்து இரண்டு பட்டியல்களையும் மணிக்கு ஒருமுறை எடுத்து வைக்கிறேன். இரு வாரம் கழித்து எது எவ்வளவு ஹிட் தந்திருக்கும் என்று பதிவுகளோடு ஒப்பிட்டு இங்கே எழுதுகிறேன்.